உடைந்த பாட்டிலின் படத்தைப் பாருங்கள்

ஊறுகாய் பாட்டில் உடைந்து வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் படம் வந்ததும், வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான். மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, அடுத்த பார்சலுக்குப் பபிள் ராப்பை இன்னும் இரண்டு சுற்று கூட்டுவார்கள். அப்படியும் அடுத்த மாதம் இன்னொன்று உடையும். எந்த இடத்தில் உடைந்தது என்று பார்க்காமல் சுற்றைக் கூட்டுவதால் வருகிற வினை இது.

பாட்டிலின் அடிப்பாகம் மட்டும் வட்டமாகக் கழன்றிருந்தால், பெட்டி நேராக விழுந்திருக்கிறது, அடியில் மெத்தை போதவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில் ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல விரிசல் ஓடியிருந்தால், பக்கத்துப் பாட்டிலோ வேறு கடினமான பொருளோ இடித்திருக்கும். மூடி நசுங்கிக் கழுத்து போயிருந்தால், மேலே கனமான பார்சல்களை அடுக்கியிருப்பார்கள். கண்ணாடி முழுசாக இருந்து எண்ணெய் மட்டும் கசிந்திருந்தால் கோளாறு மூடியில். அதனால் படம் கேட்கும்போது உடைந்த துண்டு, பெட்டியின் வெளிப்புறம், உள்ளே வைத்த காகிதம் கலையாமல் இருக்கும் நிலை மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

கசிவைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. வண்டியின் அதிர்விலேயே மூடி மெல்ல மெல்லத் தளரும். எண்ணெய் ஊறினால் அட்டை பலமிழந்து பெட்டி நசுங்கும், அப்புறம் நல்ல பாட்டிலும் உடையும். மூடியை இறுக்கி, அது இறுகும் திசையிலேயே டேப் சுற்றி, ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது மெத்தை. அரை லிட்டர் பாட்டில் இரண்டு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பபிள் ராப் இரண்டு சுற்று போதும். ஆனால் சுற்று அடியையும் மூடியையும் சேர்த்து மூட வேண்டும். உடம்பை மட்டும் கனமாகச் சுற்றி அடியை வெறுமனே விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டைத் தடுப்பு கட்டாயம். கண்ணாடியும் கண்ணாடியும் உரசிக் கீறல் விழுந்தால், உடைவதற்கு முன்பே அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும்.

பெட்டி ஐந்து பிளை அட்டையாக இருக்கட்டும். பாட்டிலுக்கும் பெட்டிச் சுவருக்கும் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய 5 செ.மீ இடைவெளி விட்டு, அதைக் கெட்டியான பழுப்புக் காகிதத்தைக் கசக்கி நிரப்புங்கள். கையால் அழுத்தினால் திரும்ப மேலே எழும்ப வேண்டும். செய்தித்தாள் போகிற வழியிலேயே படிந்து தட்டையாகிவிடும். தெர்மோகோல் மணிகளில் கனமான பாட்டில் அதிர்வுக்கு மெல்ல இறங்கி அடியைத் தொட்டுவிடும். பெட்டியின் மடிப்புகள் லேசான அழுத்தத்தோடு மூடினால் சரி. உப்பிக்கொண்டு நின்றால் மேலே ஏறும் சுமை நேராகப் பாட்டிலில் இறங்கும்.

'கண்ணாடி, கவனம்' என்று ஒட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அதை நம்பி மெத்தையைக் குறைக்காதீர்கள். பார்சல் பிரிக்கும் இடத்தில் பெல்ட்டில் ஓடுகிற பெட்டியின் எந்தப் பக்கம் மேலே இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அனுப்பும் முன் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒரு பெட்டியைச் சோதித்துவிடுங்கள். முதலில் காதருகே வைத்துக் குலுக்குங்கள், உள்ளே எதுவும் அசையக் கூடாது. பிறகு 76 செ.மீ உயரத்திலிருந்து, அதாவது மேசை உயரத்திலிருந்து, ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள் என்று பத்து முறை போடுங்கள். பத்து கிலோவுக்கு உட்பட்ட பார்சல்களுக்கு உலக அளவில் வழங்கும் சோதனை முறை இது. திறந்ததும் உடைந்ததா என்று மட்டும் பார்க்காமல், அடிக்காகிதம் எவ்வளவு படிந்திருக்கிறது என்றும் அளந்து பாருங்கள். 5 செ.மீ 2 ஆகியிருந்தால், இந்த முறை தப்பித்த பாட்டில் அடுத்த முறை தப்பாது.

செலவு கட்டுப்படியாகுமா? உதாரணத்துக்கு, சரக்கின் அடக்கம் 350 ரூபாய், கூரியர் 180 என்றால் ஒரு பார்சல் உடைந்தால் 530 ரூபாய் போகிறது. பெட்டிக்கு 25 ரூபாய் கூடுதலாகச் செலவழித்தால் நூறு பார்சலுக்கு 2,500. ஐந்து உடைசலைத் தடுத்தாலே போட்ட பணம் வந்துவிடும். நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் உடைகிறது என்றால் இந்தச் செலவு வேண்டாம், அடிமெத்தையையும் தடுப்பையும் மட்டும் சரிசெய்யுங்கள்.

பெட்டி பெரிதானால் கூரியர் கட்டணமும் ஏறும் என்பதை மறக்கக் கூடாது. நீளம், அகலம், உயரத்தைச் செ.மீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் கிலோவையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே பணம் வாங்குவார்கள். நம் பெட்டி 31, 20, 25 என்றால் 3.1 கிலோ. முழுக் கிலோ கணக்குப் போடுகிற இடத்தில் அது 4 ஆகிவிடும். உயரத்தில் 1 செ.மீ குறைத்தால் 3 கிலோவுக்குள் அடங்கும். அந்த ஒரு செ.மீட்டரை மேல்மெத்தையில் எடுங்கள், அடியில் கை வைக்காதீர்கள்.