விண்ணப்பத்துக்கு ஏற்ற மின்னஞ்சல் முகவரி

வேலைக்கு விண்ணப்பிக்கும் மின்னஞ்சல் முகவரியில் பெயரும் இனிஷியலும் போதும். செல்லப்பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். ஜிமெயிலில் kavithas ஏற்கெனவே போய்விட்டதென்றால், kavitha.s என்று புள்ளி வைத்தும் கிடைக்காது. ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் கொள்வதில்லை. அதற்கு இரண்டும் ஒன்றே. இனிஷியலுக்குப் பதில் அப்பாவின் பெயரை முழுதாகச் சேர்த்துப் பாருங்கள். கல்லூரி தந்த முகவரி, படிப்பு முடிந்தபின் மூடப்படலாம்.

கடிதத்தின் அடியில் நான்கு வரி போதும்: பெயர், படிப்பும் ஊரும், +91 சேர்த்த கைபேசி எண், லிங்க்ட்இன் இணைப்பு. லிங்க்ட்இன் தானாகத் தரும் இணைப்பின் வாலில் எண்ணும் எழுத்தும் கலந்து தொங்கும்; அதை அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதும், கணக்கிலிருந்து வெளியேறி அதைத் திறந்து பாருங்கள். ரெஸ்யூமேயில் பழைய இணைப்பு இருந்தால் அதையும் திருத்துங்கள்.