கட்டை மூலையில் டீச்சர் எதைப் பார்க்க வேண்டும்?

அங்கன்வாடிகளிலும் மழலையர் பள்ளிகளிலும் இப்போது பொம்மை மூலை, புத்தக மூலை, கட்டை மூலை என்று வண்ணத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டுவது சுலபம். அந்த மூலையில் எந்தப் பொருளை, எத்தனை, எவ்வளவு உயரத்தில் வைப்பது, குழந்தை அதை எடுத்து விளையாடும்போது டீச்சர் எதைக் கவனித்து எழுதுவது என்பதில்தான் சிரமம் இருக்கிறது. இவை இரண்டையும் வேறு வேறு வேலையாக நினைப்பதால், பல இடங்களில் மூலைகள் அழகாக இருக்கின்றன, பதிவேட்டில் மட்டும் உருப்படியாக ஒன்றும் இருப்பதில்லை. எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டால் எதை வைக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். கட்டை மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம்.

ஒரே அறை, மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை இருபது குழந்தைகள், ஒரு டீச்சர், ஓர் உதவியாளர் என்று வைத்துக்கொள்வோம். இந்த அறைக்கு நான்கு மூலைகள் போதும்: கட்டை, சொப்பு சாமான்களோடு வீட்டு விளையாட்டு, புத்தகம், வாசலுக்கு வெளியே மணலும் தண்ணீரும். இருபது குழந்தைகளுக்கு இருபது இடம்தான் இருக்கிறதென்றால் ஒரு குழந்தை இடம் மாற வேண்டுமானால் இன்னொரு குழந்தை எழுந்தாக வேண்டும். சண்டை அங்கேதான் தொடங்கும். அதனால் நான்கு மூலைகளிலும் சேர்த்து இருபத்தெட்டு, முப்பது பேர் உட்கார இடமும் பொருளும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. சத்தம் வரும் கட்டை மூலையும் வீட்டு மூலையும் ஒரு பக்கம், வெளிச்சம் விழும் ஜன்னலோரம் புத்தகம். டீச்சர் தரையில் உட்கார்ந்தபடியே எல்லா மூலையும் தெரிய வேண்டும் என்பதால், தடுப்பாக வைக்கும் அலமாரி குழந்தையின் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது.

கட்டை மூலைக்கு நடைபாதையில் இல்லாத ஓரம் வேண்டும். கழிப்பறைக்குப் போகிற குழந்தைகள் குறுக்கே ஓடும் இடத்தில் எந்தக் கோபுரமும் பத்து நிமிடம் நிற்காது. கீழே மெத்தென்ற பாய் விரித்தால் கட்டை சாயும். சிமென்ட் தரையே மேல், குளிர் காலத்தில் மெல்லிய சணல் விரிப்பு போதும். அலமாரிக்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் யாரும் கட்டக் கூடாது என்பது விதி. கட்டை எடுக்க வருகிற குழந்தை இன்னொருவரின் வீட்டை மிதித்துவிடுவதால் வரும் அழுகை இந்த ஒரு கோட்டால் வெகுவாகக் குறைந்துவிடும்.

எந்தக் கட்டை? கடையில் விற்கும் வண்ணப் பிளாஸ்டிக் துண்டுகளைவிட, தச்சுப்பட்டறையில் அளவு சொல்லி அறுத்து வாங்கும் மரக்கட்டைகளே எனக்குப் பிடிக்கும். நியூயார்க்கில் 1914-ல் பள்ளி தொடங்கிய கரோலின் பிராட் என்ற ஆசிரியை வடிவமைத்த கட்டைகளில் கனம், அகலம், நீளம் மூன்றும் ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் இருக்கும். நம் தச்சரிடம் ஒன்றரை அங்குலக் கனம், மூன்று அங்குல அகலம், ஆறு அங்குல நீளம் என்று சொன்னால் அதே விகிதம் வந்துவிடும். அதில் பாதியாக மூன்று அங்குலத் துண்டுகள், இரட்டிப்பாகப் பன்னிரண்டு அங்குலத் துண்டுகள். இரண்டு சின்னது சேர்ந்தால் ஒரு பெரியது என்பதை யாரும் சொல்லித்தராமல் குழந்தையின் கையே கண்டுபிடிக்கும். அளவு கன்னாபின்னாவென்று இருந்தால் அது நடக்காது. ஓரங்களை உப்புத்தாள் போட்டு மழுக்க வேண்டும், பெயின்ட் வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்து விளையாட நூறு துண்டாவது இல்லாவிட்டால் கட்டுவதைவிடப் பறிப்பதுதான் அதிகம் நடக்கும்.

இவற்றைக் கூடையில் கொட்டி வைப்பது பரவலான பழக்கம். கூடை இருந்தால் குழந்தை முதலில் செய்வது அதைக் கவிழ்ப்பது. குவியலுக்கு நடுவே உட்கார்ந்த பிறகு தேவையான நீளத்தைத் தேடுவது கஷ்டம். அலமாரியில் நீளவாட்டில் அடுக்கி, ஒவ்வொரு வகையின் உருவத்தையும் கறுப்புத்தாளில் வெட்டி அந்தந்த இடத்தில் ஒட்டிவிட்டால், எடுக்கும்போதே குழந்தை நீளம் பார்த்து எடுக்கிறது, திரும்ப வைக்கும்போது பொருத்திப் பார்க்கிறது. டீச்சருக்கும் இது உதவி. எந்தக் கட்டையைக் குழந்தை தேடி எடுத்தது என்பது கண்ணுக்குத் தெரியும். குவியலில் அது தெரியாது.

இனி, எதைப் பார்ப்பது. நியூயார்க்கில் மழலையர் பள்ளி நடத்திய ஹாரியட் ஜான்சன், கட்டை விளையாட்டு எப்படி வளர்கிறது என்பதை 1933-ல் எழுதி வைத்தார். குழந்தை முதலில் கட்டையைச் சும்மா தூக்கிக்கொண்டு திரியும். பிறகு வரிசையாகவோ ஒன்றன்மேல் ஒன்றாகவோ வைக்கும். அடுத்து இரண்டு கட்டைகளை நிறுத்தி மேலே ஒன்றை வைத்துப் பாலம் போடும். அதன்பின் நான்கு பக்கமும் மூடிய அடைப்பு, இரு பக்கமும் ஒரே மாதிரி அமைந்த கோலம், கட்டியதற்குப் பெயர் வைப்பது, கடைசியாகத் தான் பார்த்த ஊரையும் கடையையும் கட்டி அதில் கதை நடத்துவது. இதை மதிப்பெண் ஏணியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் முறையாகக் கட்டையைத் தொடும் ஐந்து வயதுக் குழந்தையும் கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு திரியத்தான் செய்யும், ஆனால் சீக்கிரம் தாண்டிவிடும். டீச்சருக்கு இது கண்ணைப் பழக்கும் வரைபடம். இருபது குழந்தைகள் கலகலவென்று விளையாடும்போது எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் எதுவும் மனதில் தங்காது. "இந்த இரண்டு வாரம் கட்டை மூலையில் பாலத்தை மட்டும் பார்க்கிறேன்" என்று ஒரே கேள்வியோடு உட்கார்ந்தால் தங்கும்.

ஓர் உதாரணம். நான்கு வயதுப் பையன் ஆறு அங்குலக் கட்டைகள் இரண்டை நிறுத்துகிறான். நடுவே இடைவெளி அதிகம். மேலே வைத்த கட்டை விழுகிறது. அதையே எடுத்து மறுபடி வைக்கிறான், விழுகிறது. கட்டையைத் திருப்பி வைத்துப் பார்க்கிறான், அதுவும் விழுகிறது. எழுந்து அலமாரிக்குப் போய், பன்னிரண்டு அங்குலக் கட்டையைத் தொட்டுவிட்டு எடுக்காமல் திரும்புகிறான். உட்கார்ந்து வலப்பக்கக் கட்டையை உள்ளே தள்ளுகிறான். இந்த முறை கூரை நிற்கிறது. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "கிட்ட வச்சா நிக்கும்" என்கிறான்.

இதைப் பார்த்த டீச்சர் பதிவேட்டில் "கட்டை மூலையில் நன்றாக விளையாடினான், ஆர்வம் அதிகம்" என்று எழுதினால், அந்த வரியை வேறு எந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே எழுதினாலும் பொருந்தும். "பாலம் கட்டினான்" என்பது உண்மைதான், ஆனால் முடிவை மட்டும் சொல்கிறது. எழுத வேண்டியது இவ்வளவுதான்: தேதி, கட்டை மூலை, பக்கத்தில் யார் இருந்தார்கள். "இரண்டு கட்டை நிறுத்தி மேலே வைத்தான், மூன்று முறை விழுந்தது. நீளக் கட்டையைத் தொட்டான், எடுக்கவில்லை. வலது கட்டையை உள்ளே தள்ளினான், நின்றது. 'கிட்ட வச்சா நிக்கும்' என்றான்." நான்கே வரி. கை செய்ததும் வாய் சொன்னதும் அதில் இருக்கின்றன. குழந்தையின் பேச்சை அதன் பேச்சாகவே எழுத வேண்டும். திருத்தி எழுத்துத் தமிழாக்கினால், அது எந்தச் சொல்லால் காரணத்தைச் சொன்னது என்பது தொலைந்துவிடும். டீச்சர் அதிலிருந்து என்ன புரிந்துகொண்டார் என்பதைக் கோடு போட்டு அடியில் தனியாக எழுதலாம்: "இடைவெளியைக் குறைக்கத் தெரிகிறது. நீளத்தை மாற்றிப் பார்க்கும் யோசனை பாதி வந்திருக்கிறது."

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் அடுத்த வாரத்துக்கான மூலை பிறக்கிறது. பன்னிரண்டு அங்குலக் கட்டைகளை மேல்தட்டில் கண்ணில் படும்படி வைத்து, கூடவே நான்கு பொம்மை லாரிகளை வைக்கலாம். லாரி அகலமாக இருப்பதால் பாலத்தின் கால்களைக் கிட்டே தள்ள முடியாது. நீளக் கட்டையைத் தேடியாக வேண்டும். லாரி ஒன்றே ஒன்று வைத்தால் விளையாட்டு லாரிக்கான சண்டையாகிவிடும், அதனால்தான் நான்கு. டீச்சர் எதுவும் சொல்லித்தருவதில்லை. அதே பையன் என்ன செய்கிறான் என்று மறுபடி நான்கு வரி எழுதுகிறார். இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் அவன் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறான் என்று தெரியும்.

இருபது குழந்தைகளுக்கும் தினமும் இப்படி எழுத யாராலும் முடியாது, தேவையும் இல்லை. அங்கன்வாடிப் பணியாளருக்கு எடை பார்ப்பது, வருகைப் பதிவு, செயலியில் ஏற்றுவது என்று ஏற்கெனவே வேலை குவிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு குழந்தைகள் என்று பெயர் குறித்துக்கொண்டால் ஐந்து நாளில் இருபது பேரும் ஆகிவிடும். கையளவுத் துண்டுத்தாளில் அங்கேயே இரண்டு சொல் கிறுக்கிவைத்து, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் முழுதாக எழுதலாம். மறுநாளுக்குத் தள்ளினால் கை செய்தது மறந்து, "நன்றாக" என்பது மட்டும் நினைவிருக்கும். செல்போன் படம் கட்டியது என்ன என்று காட்டும், மூன்று முறை விழுந்ததைக் காட்டாது. மூலை நேரமும் முக்கால் மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இருபது நிமிடம் கொடுத்தால் எடுத்து அடுக்குவதற்குள் மணி அடித்துவிடும். பாலம் வரை யாரும் போக மாட்டார்கள், டீச்சருக்குப் பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

இந்தக் குறிப்புகளில் வராத ஒன்று உண்டு: வராத குழந்தை. அதற்காகத் தனியாக ஒரு கட்டம் போட்ட தாள் வேண்டும். இடப்பக்கம் இருபது பெயர், மேலே நான்கு மூலை. உதவியாளர் யார் எங்கே போனார்கள் என்று கோடு மட்டும் போட்டால் போதும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் கட்டை மூலைக்கு நேரே பெண் குழந்தைகளின் கட்டங்கள் காலியாக இருப்பது பல அறைகளில் தெரியவரும். அந்தக் குழந்தைகளை "நீயும் போய்க் கட்டு" என்று அனுப்பினால் மறுநாள் மறுபடி சொப்புக்கே திரும்பிவிடுவார்கள். வீட்டு மூலையைக் கட்டை மூலைக்குப் பக்கத்தில் நகர்த்தி, நடுவில் இருந்த அலமாரியை எடுத்துவிட்டால், பொம்மைக்குக் கட்டில் வேண்டும், அடுப்புக்குத் திட்டு வேண்டும் என்று தானாகவே கட்டை எடுக்க வருவார்கள். வருகிறார்களா என்பதை அடுத்த இரண்டு வாரத்துக் கோடுகள் சொல்லும். வராவிட்டால் இடம் காரணமில்லை; பெரிய பையன்கள் விரட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி 2022-ல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் இந்த வயதுக்குத் தேர்வு பொருந்தாது, குழந்தையைக் கவனிப்பதும் அது செய்தவற்றைப் பார்ப்பதுமே மதிப்பீட்டு முறை என்கிறது. ஆனால் கவனிப்பதற்கும் எல்லை உண்டு. கட்டை மூலையில் பேசாத குழந்தையைப் பேச்சு வராத குழந்தை என்று முடிவு கட்டக் கூடாது. கட்டும்போது பல குழந்தைகள் பேசுவதில்லை, அதே குழந்தை சொப்பு வைத்துக் கடை நடத்தும்போது ஓயாமல் பேசும். நான்கு மூலையிலும், பல வாரமாக, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பதில்லை என்று தெரிந்தால், டீச்சர் நோயின் பெயர் எதையும் பதிவேட்டில் எழுத வேண்டாம். எந்தத் தேதியில், எந்த மூலையில், எத்தனை முறை கூப்பிட்டு என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் போதும். பெற்றோரிடம் முதலில் அதைப் படித்துக் காட்டலாம். தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரும்போது அந்தத் தாளை அவர்கள் கையில் கொடுக்கலாம். அவசரம் என்று தோன்றினால் அதுவரை காத்திருக்காமல் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கே எடுத்துப் போகலாம். மருத்துவர் பார்க்கும் சில நிமிடத்தில் குழந்தை பயந்து ஒடுங்கியிருக்கும். விளையாடும்போது அது எப்படி இருக்கிறது என்பதை அவர் அந்தத் தாளிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.