ராக்கெட் குட்டிக்கரணம் அடிக்காமல் இருக்க…

30 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. குறுக்களவு கொண்ட ஓர் அட்டைக்குழாய் ராக்கெட். மோட்டார், பாராசூட் எல்லாவற்றையும் உள்ளே வைத்து, விரல்மேல் படுக்கவைத்துப் பாருங்கள். எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் இடம்தான் நிறை மையம். மூக்கிலிருந்து 18 செ.மீ.யில் என்று வைத்துக்கொள்வோம். பறக்கும்போது ராக்கெட் திரும்புவது இந்தப் புள்ளியைச் சுற்றித்தான்.

ராக்கெட் லேசாகச் சாய்ந்தாலும் காற்று பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல் மொத்தமும் ஒன்றுசேரும் இடம் அழுத்த மையம். அது நிறை மையத்துக்குப் பின்னால் இருந்தால், காற்றே வாலைத் தள்ளி மூக்கை நேராக்கிவிடும். முன்னால் இருந்தாலோ சாய்வு கூடிக்கூடிக் குட்டிக்கரணம்தான்! வெறும் குழாய்க்கு நடப்பது இதுவே. அழுத்த மையத்தைப் பின்னுக்கு இழுக்கத்தான் வாலில் இறக்கைகள். தீபாவளி ராக்கெட்டில் இந்த வேலையைக் குச்சி பார்த்துக்கொள்கிறது. இரண்டு மையங்களுக்கும் நடுவே ஒரு குறுக்களவாவது இடைவெளி வேண்டும். நம் ராக்கெட்டில், மூக்கிலிருந்து 20.5 செ.மீ. அல்லது அதற்கும் பின்னால்.

இதைச் சோதிக்க நூல் போதும். நிறை மையத்தில் கட்டி, நகராமல் டேப் ஒட்டி, திறந்தவெளியில் தலைக்கு மேலே சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் ஏவலாம். வால் முந்தினாலோ தடுமாறினாலோ மூக்குக்குள் கொஞ்சம் களிமண் வையுங்கள். அல்லது இறக்கையைப் பெரிதாக்குங்கள். பெரிய மோட்டாருக்கு மாறினால் மறுபடியும் சுற்றிப் பார்க்க வேண்டும். வால் கனத்து, நிறை மையம் பின்னே நகர்ந்திருக்கும்.