துணி எட்டாத மூலை

அடுக்குமாடி விளம்பரங்களில் வரும் சாப்பாட்டு அறைப் படம் கம்ப்யூட்டரில் செய்தது என்பது பலருக்கும் பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. வெளிச்சம், மர ரேகை, அளவு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மேசையில் யாரும் சாப்பிட்ட மாதிரி இருக்காது. இதைச் சரிசெய்யப் படம் முழுக்க அழுக்கைத் தூவுகிறவர்கள் உண்டு. தூவினால் கிடைப்பது அழுக்கான கம்ப்யூட்டர் படம், அவ்வளவுதான். தேய்மானம் என்றால் ஏதோ ஒன்று உரசியிருக்க வேண்டும். தூசி என்றால் அந்த இடத்தை யாரோ துடைக்காமல் விட்டிருக்க வேண்டும்.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்த ஒரு மர மேசையை எடுத்துக்கொள்வோம். முதலில் விளிம்பு. கம்ப்யூட்டரில் வரைந்த பலகையின் இரு பக்கங்கள் சேரும் கோட்டுக்குத் தடிமனே கிடையாது. தச்சர் இழைத்த பலகையில் அந்த விளிம்பை உப்புத்தாள் கொஞ்சம் மழுக்கியிருக்கும். ஓரிரண்டு மில்லிமீட்டர்தான், ஆனால் ஜன்னல் வெளிச்சம் மெல்லிய கோடாக ஓடுவது அங்கேதான். `Bevel` கொடுத்து 1.5 மில்லிமீட்டர் உருட்டினாலே மேசை பாதி நிஜமாகிவிடும். கறை, கீறல் பற்றியெல்லாம் அதற்குப் பிறகு யோசித்தால் போதும்.

அடுத்தது பளபளப்பு. பெரும்பாலானோர் நிறத்தில்தான் கைவைப்பார்கள். தினமும் துடைக்கிற வார்னிஷ் மேசையில் நிறம் பெரிதாக மாறுவதில்லை, மாறுவது ஒளியைத் திருப்பும் விதம். கை பட்டுப்பட்டு எண்ணெய் ஏறிய இடம், ஈரத்துணி வளைந்து போன தடம், டம்ளர் வைத்த வட்டம் ஆகியவை நேராகப் பார்த்தால் தெரியாது. சாய்ந்து பார்த்தால், ஜன்னலின் பிரதிபலிப்பு அந்த இடங்களில் மங்கி மங்கித் தெளியும். பிளெண்டரில் இதற்கான இடம் `Roughness`. 0 என்றால் கண்ணாடி மாதிரி, 1 என்றால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி. மேசை முழுக்க 0.35 என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் பிளாஸ்டிக் ஆகிவிடும். `Noise Texture` மூலம் அதை 0.28-க்கும் 0.42-க்கும் இடையே பெரிய பெரிய திட்டுகளாக அலையவிட வேண்டும். அதன் மேல் கைரேகைப் படம் ஒன்றை லேசாகச் சேர்க்கலாம். அந்தப் படத்துக்கு `Color Space` என்ற இடத்தில் `Non-Color` என்று மாற்ற மறந்தால், மென்பொருள் அதை வண்ணப்படமாக எடுத்துக்கொண்டு எண்களைத் திரித்துவிடும்.

தூசி மேலிருந்து விழுவது. அதனால் மேல்நோக்கிய பரப்பில்தான் அது தங்கும். பரப்பு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை `Normal`-இன் Z மதிப்பு சொல்லும், மேலே பார்த்தால் 1. ஆனால் மேசையின் நடுவில் தினமும் துணி போகிறதே! குறுக்குச்சட்டம் காலோடு சேரும் இடுக்கில்தான் துணி எட்டாது. அந்த இடுக்குகளை `Ambient Occlusion` கண்டுபிடித்துத் தரும். ஆனால் இடுக்குகளுக்கு அது 0-க்கு நெருங்கிய மதிப்பைத் தருவதால், அதை 1-இலிருந்து கழித்துத் தலைகீழாக்கி, `Normal`-இன் Z மதிப்போடு பெருக்கினால் தூசி தங்க வேண்டிய இடம் கிடைக்கும். அங்கே `Roughness`-ஐ 0.8 வரை ஏற்றி, நிறத்தில் பத்தில் ஒரு பங்கு சாம்பல் கலந்தால் போதும்.

தேய்மானத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். விளிம்புகளைத் தானாகக் கண்டுபிடித்து வார்னிஷ் போனதுபோல வெளுக்க வைக்கும் வசதி இருப்பதால், எல்லா விளிம்பும் ஒரே அளவில் வெளுத்துவிடும். பழைய வீடியோ கேம்களில் வரும் மரப்பெட்டி மாதிரி இருக்கும். நாற்காலியின் கைப்பிடி இடிக்கிற இடம் மேசையில் சிலதான். அங்கே மட்டும் வார்னிஷ் போயிருக்கட்டும். சுவரை ஒட்டிய பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை, அது புதிதாகவே இருக்கட்டும். கால்களின் அடியில் விளக்குமாறு உரசிய கோடுகள் ஒரு சாண் உயரத்துக்குக் கீழேதான் வரும். இதைத் தானியங்கி வசதி யோசிக்காது. அது கண்டுபிடித்த இடங்களில் வேண்டாதவற்றைக் கையால் வரைந்து மறைக்க வேண்டும்.

அளவைச் சோதிக்க, படத்தைச் சிறிதாக்கிப் பார்க்கலாம். முதலில் கண்ணில் படுவது கீறலாக இருந்தால் அதைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துப் பார்க்கும்போது மட்டும் ஏதோ குறைவது தெரிந்தால் அளவு சரி.

1977-இல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்துக்கு ஜார்ஜ் லூகாஸ், அடிபட்டுப் புழங்கிய விண்கலங்கள் வேண்டும் என்று கேட்டார். வீடு விற்கிறவர் அப்படிக் கேட்கமாட்டார். புது ஃபிளாட்டில் டம்ளர் வட்டம் எதற்கு என்பார், அது நியாயமும்கூட. அந்த மாதிரி வேலையில் தூசியையும் தேய்மானத்தையும் விட்டுவிட்டு, உருட்டிய விளிம்பையும் அலையும் பளபளப்பையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு நாற்காலியை மூன்று நான்கு டிகிரி திருப்பி, மேசையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால், அதை அவர் ஆட்சேபிக்க மாட்டார்.