27 சதவீதம் இருக்கும்போதே லேப்டாப் 'டப்'புனு ஆஃப் ஆகுதா? புது பேட்டரி வாங்க ஓடுவதற்கு முன் இதைப் பாருங்க!

தாம்பரம்:

கரண்ட் கட். எதிரே அப்ளிகேஷன் போட வந்த மாணவி உட்கார்ந்திருக்கிறார். பீஸ் கட்ட அன்றுதான் கடைசி நாள். லேப்டாப்பில் 27 சதவீதம் சார்ஜ் இருப்பதாக காட்டுகிறது. "இது போதும், முடிச்சிடலாம்" என்று பாதி பாரத்தை நிரப்பியபோது ஸ்கிரீன் பட்டென்று இருண்டது. எந்த எச்சரிக்கையும் இல்லை. மிஷின் செத்துவிட்டது.

தாம்பரம் அருகே ஜெராக்ஸ் கடை நடத்தும் ஒரு பெண்ணுக்கு நடந்த சம்பவம் இது. ஒரு முறை அல்ல, ஒரே மாதத்தில் மூன்று முறை.

பதறிப்போன அவர் ஒரு சர்வீஸ் கடைக்கு போனார். "பேட்டரி போச்சு, மாத்தணும், 2,800 ரூபாய் ஆகும்" என்றார்கள். அடுத்த கடையில், "அதெல்லாம் வேணாம், முழுசா இறக்கி முழுசா ஏத்துங்க, சரியாயிடும்" என்றார்கள். யார் சொல்வதை நம்புவது?

வீட்டில் மகனின் காலேஜ் லேப்டாப்பிலும் கிட்டத்தட்ட இதே கூத்துதான். அது 44 சதவீதத்தில் அணைந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனார். இரண்டுக்கும் ஒரே வைத்தியம்தான் பார்க்கப்பட்டது. கடை லேப்டாப் பைசா செலவில்லாமல் தேறியது. மகன் லேப்டாப் தேறவில்லை. ஏன்?

கணக்குப்பிள்ளை செய்த தப்பு

"அக்கா, மூலையில தெரியுற பர்சன்டேஜ் பேட்டரியை அளந்து சொல்ற நம்பர் இல்ல. கணக்கு போட்டு சொல்ற நம்பர்" என்று ஆரம்பித்தார் மெக்கானிக்.

பேட்டரிக்குள்ளேயே ஒரு சின்ன சில்லு இருக்கிறது. அரிசி குடோன் கணக்குப்பிள்ளை மாதிரி அது. எவ்வளவு கரண்ட் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது என்று குறித்துக்கொண்டே இருக்கும். மொத்த கொள்ளளவு இவ்வளவு, செலவானது இவ்வளவு, மீதி இவ்வளவு என்று கழித்து நமக்கு சதவீதமாக காட்டும்.

சிக்கல் எங்கே என்றால், குடோனில் எலி புகுந்து மூட்டையை காலி செய்வது கணக்குப்பிள்ளைக்கு தெரியாது. பேட்டரி நாளாக நாளாக கொள்ளளவில் குறைந்துகொண்டே வரும். சில்லின் நோட்டிலோ பழைய அளவே இருக்கும். குடோனை ஒரு தடவை முழுசாக நிரப்பி, முழுசாக காலி செய்து பார்த்தால்தான் உண்மையான அளவு அதற்கு பிடிபடும்.

ஜெராக்ஸ் கடை லேப்டாப் மூன்று வருடமாக சார்ஜரிலேயே கிடந்தது. கரண்ட் போனால்தான் பேட்டரியில் ஓடும். ஐந்து, பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிடும். அதனால் சில்லு ஒரு நாளும் அடிமட்டத்தை பார்த்ததே இல்லை. பழைய கணக்கையே ஓட்டிக்கொண்டிருந்தது.

இரண்டு நம்பர் பாருங்க

இதை வீட்டிலேயே பார்க்கலாம். விண்டோஸில் Command Prompt திறந்து இந்த ஒரு வரியை டைப் செய்து என்டர் தட்ட வேண்டும்.

```
powercfg /batteryreport
```

எந்த போல்டரில் ரிப்போர்ட் போய் உட்கார்ந்தது என்று அதுவே காட்டும். அந்த பைலை திறந்தால் பக்கம் பக்கமாக விவரம் வரும். எல்லாம் வேண்டாம். DESIGN CAPACITY, FULL CHARGE CAPACITY என்ற இரண்டு வரியை மட்டும் பாருங்கள். முதலாவது, பேட்டரி புதிதாக வந்தபோது இருந்த கொள்ளளவு. இரண்டாவது, இப்போது இவ்வளவுதான் என்று சில்லு நம்பிக்கொண்டிருக்கும் அளவு.

கடை லேப்டாப்பில் முதல் நம்பர் 41,440. இரண்டாவது 37,000. பார்த்தால் நல்ல பேட்டரி மாதிரிதான் தெரிகிறது. ஆனால் 27 சதவீதத்தில் அணைகிறதே?

"அங்கதான் பொய் மாட்டுது. 37 ஆயிரம்னு நினைச்சுக்கிட்டு கணக்கு போடுது. உள்ள சுமார் 27 ஆயிரம்தான் இருக்குது. அந்த 27 ஆயிரமும் தீர்ந்தப்போ, நோட்டுல இன்னும் பத்தாயிரம் பாக்கி இருக்கு. அந்த பத்தாயிரம்தான் உங்க 27 சதவீதம். இல்லாத சரக்கு" என்றார் மெக்கானிக்.

முழு சைக்கிள் எப்படி?

அவர் செய்தது இதுதான். முதலில் 100 சதவீதம் வரை ஏற்றி, அதற்கு பிறகும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விட்டார். ஏற்றிய சூடு ஆறி பேட்டரி நிதானத்துக்கு வந்தால்தான் மேல் எல்லை சரியாக பதியும்.

பிறகு சார்ஜரை கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும்போது தூங்கப் போகாதபடி பவர் செட்டிங்கில் Sleep என்பதை Never என்று மாற்றினார். திறந்திருந்த வேலையை எல்லாம் சேமித்து மூடிவிட்டு, சும்மா ஸ்கிரீன் எரியும்படி விட்டுவிட்டார். படம், கேம் எதுவும் ஓட்டவில்லை. சீராக இறங்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

தானாக அணைந்தபின் உடனே சார்ஜரை செருகவில்லை. மூன்று, நாலு மணி நேரம் அப்படியே போட்டுவிட்டு, அதற்கு பிறகு செருகி, நடுவில் கழற்றாமல் ஒரே மூச்சில் 100 வரை ஏற்றினார். கரண்ட் அடிக்கடி போகும் ஏரியா என்றால் ராத்திரியில் ஏற்றுவது நல்லது.

மறுபடி ரிப்போர்ட் எடுத்தார். 37,000 என்று இருந்த இடத்தில் 31,200. மறுநாள் இன்னொரு சைக்கிள். இப்போது 27,100. "ஒரே தடவையில முழு வித்தியாசத்தையும் சில சில்லு ஒத்துக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்கி வரும். அதனால ரெண்டு தடவை பண்ணணும்" என்று விளக்கம் சொன்னார்.

கடைக்கார அம்மாவுக்கு அதிர்ச்சி. "என்ன தம்பி, ரிப்பேர் பண்ண கொடுத்தா பத்தாயிரம் குறைஞ்சு போச்சு?"

"குறையல அக்கா. எலி எப்பவோ தின்னது இப்பத்தான் நோட்டுல ஏறியிருக்கு."

பலரும் தப்பாக புரிந்துகொள்ளும் இடம் இதுதான். முழுசாக இறக்கி ஏற்றினால் பேட்டரிக்கு போன சக்தி திரும்பி வரும் என்று சொல்வது அந்தக்கால நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து பேச்சு. இப்போது லேப்டாப்பில் இருப்பது லித்தியம். அதில் ஒரு நிமிடம்கூட கூடாது. கடை லேப்டாப் முன்பும் சுமார் இரண்டே கால் மணி நேரம்தான் ஓடியது, இப்போதும் அதே இரண்டே காலுதான். ஆனால் 27 சதவீதத்தில் செத்து விழாமல், 10 சதவீதத்தில் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, 5 சதவீதத்தில் வேலையை பத்திரப்படுத்திக்கொண்டு அணைகிறது. ஜெராக்ஸ் கடைக்கு அது போதும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. 6 சதவீதம், 5 சதவீதம் என்று மிரட்டி அணைந்துவிடும், ஆனால் உள்ளே நிறைய சார்ஜ் பாக்கி இருக்கும். இந்த கேஸில் விண்டோஸ் பொய் நம்பரை நம்பி சீக்கிரமே அணைத்துவிடுவதால் பேட்டரி காலியாகவே ஆகாது. அதற்கு ஒரு வழி, மிஷினை ஆன் செய்யும்போது F2 தட்டி (சிலவற்றில் F10) பயாஸ் ஸ்கிரீனுக்கு போய், அங்கேயே எரியவிட்டு காலியாக்குவது. அங்கே விண்டோஸின் அதிகாரம் செல்லாது.

மகன் லேப்டாப் ஏன் தேறவில்லை?

அதற்கும் இரண்டு சைக்கிள் ஓட்டினார்கள். முதலில் 44 சதவீதத்தில் அணைந்தது, பிறகு 39ல் அணைந்தது, அடுத்து 46ல் அணைந்தது. சும்மா நோட்பேடு திறந்து வைத்தால் நன்றாக இறங்குகிறது. வீடியோ எடிட்டிங் ஓட்டினால் உடனே படுத்துவிடுகிறது. சார்ஜரை செருகி ஆன் செய்தால் மறுபடி அதே நாற்பது சொச்சம்.

"கடை லேப்டாப் எப்பவும் 26, 27, 28ன்னு ஒரே இடத்துலதான் விழுந்துச்சு. அது கணக்கு கோளாறு. இது ஒவ்வொரு தடவையும் வேற இடத்துல, அதுவும் வேலை கூடுனா விழுது. இது சரக்கு கோளாறு" என்று கையை விரித்தார் மெக்கானிக்.

அந்த பேட்டரிக்குள் நான்கு செல்கள் வரிசையாக கோர்த்திருக்கும். நாலு பேர் தூக்கும் பல்லக்கு போல. மூன்று பேர் திடமாக இருந்தும் ஒருவருக்கு முழங்கால் மடங்கினால் பல்லக்கு கீழே வந்துவிடும் இல்லையா? ஒரே ஒரு செல் பலவீனமானால், கரண்ட் அதிகம் இழுக்கும்போது அதன் வோல்டேஜ் சரிந்துவிடும். உடனே பாதுகாப்பு சர்க்யூட் மொத்த பேட்டரியையும் வெட்டிவிடும். மற்ற மூன்றில் இருக்கும் சார்ஜ் வீண். நோட்டை எத்தனை முறை திருத்தினாலும் இதற்கு பிரயோஜனமில்லை.

"உள்ள செல் மட்டும் மாத்தி தர்றோம், பாதி காசு" என்று சில இடங்களில் சொல்வார்கள். செல் புதுசானாலும் சில்லு பழசுதான். அது பழைய கணக்கை மறக்காது, சில பேட்டரிகளில் பூட்டிக்கொண்டு வேலையே செய்யாது. வெல்டிங் சரியில்லாவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

இதெல்லாம் கோளாறே இல்லை

80 சதவீதத்திலோ 60 சதவீதத்திலோ வந்து அதற்கு மேல் ஏறாமல் நிற்கிறது என்றால் பயப்படாதீர்கள். பேட்டரி ஆயுளை காக்க கம்பெனியே வைத்திருக்கும் செட்டிங் அது. லெனோவோவில் Conservation mode என்று இருக்கும். யாராவது தெரியாமல் ஆன் செய்திருப்பார்கள். அதை ஆஃப் செய்தால் தீர்ந்தது. அதேபோல் 96, 97ல் நின்று சார்ஜ் ஏறவில்லை என்று காட்டுவதும் சகஜம். கொஞ்சம் இறங்கினால்தான் மறுபடி ஏற்ற ஆரம்பிக்கும்.

டச்பேடு மேலே எழும்பியிருந்தாலோ, அடிப்பக்கம் உப்பி டேபிளில் ஆடினாலோ இந்த சைக்கிள் வேலையே வேண்டாம். பேட்டரி ஊதிவிட்டது என்று அர்த்தம். உடனே ஆஃப் செய்து, சார்ஜரை கழற்றிவிட்டு, அழுத்தாமல் குத்தாமல் கடைக்கு கொண்டு போய்விடுங்கள்.

சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முழு சைக்கிள் போதும் என்கிறார் மெக்கானிக். வாராவாரம் அடிமட்டம் வரை இறக்கினால் அதுவே பேட்டரியை தின்றுவிடும்.

மகன் லேப்டாப்புக்கு கடைசியில் 2,800 ரூபாய் கொடுத்து புது பேட்டரி போட்டார்கள். முதல் நாளே ரிப்போர்ட் எடுத்து, இரண்டு நம்பரையும் பில்லின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டார் அந்த அம்மா. கடை லேப்டாப் பழைய பேட்டரியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.