கோடைப் பயணத்தில் கைப்பேசி அணைவது ஏன்?

மே மாதத்து நண்பகலில் மதுரையிலிருந்து திருச்சிக்குக் காரில் புறப்படும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வழிகாட்டும் கைப்பேசி முன்கண்ணாடியின் கீழே பொருத்தப்பட்டிருக்கிறது. பாட்டரி தீர்ந்துவிடக் கூடாதென்று சார்ஜரையும் இணைத்திருக்கிறார்கள். மேலூரைக் கடந்ததும் திரை தானாகவே மங்குகிறது. கொட்டாம்பட்டியை நெருங்குகையில் சார்ஜ் ஏறுவது நின்றுவிடுகிறது. துவரங்குறிச்சிக்கு முன்பே கைப்பேசி அணைந்துபோகிறது. கருவி பழுதாகிவிட்டதென்றே பலரும் கருதுவர். உண்மையில் அது தன்னைத்தானே காத்துக்கொண்டது.

இங்கே மூன்று வெப்பங்கள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, கண்ணாடி வழியே நேராக விழும் வெயில்; கரிய திரை அதனை ஈர்த்துக்கொள்கிறது. இரண்டாவது, கருவியின் உழைப்பு. வெயிலில் தெரிவதற்காகத் திரை முழு ஒளியுடன் எரிகிறது. நிலப்படம் இடைவிடாது வரையப்படுகிறது. செயற்கைக்கோள்களின் சமிக்ஞையும் கோபுரத்தின் சமிக்ஞையும் ஓயாமல் பெறப்படுகின்றன. மூன்றாவது, சார்ஜ் ஏறும்போது பாட்டரியில் பிறக்கும் சூடு. கைப்பேசிக்குள் விசிறி இல்லை. சூடு அதன் உடல் வழியாகவே வெளியேற வேண்டும். தடித்த உறையோ அதையும் தடுக்கிறது.

லித்தியம்-அயான் பாட்டரி ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கையில் சார்ஜ் ஏற்றினால் அதன் ஆயுள் குன்றும். ஐபோனைச் சுற்றுப்புறம் 35 டிகிரியைத் தாண்டாத இடத்தில் பயன்படுத்துமாறு அதனைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே கூறுகிறது. நம் கோடையில் நிழலிலேயே இந்த அளவு கடந்துவிடுகிறது. ஆகவே, சூடு ஏறுகையில் கைப்பேசி முதலில் திரையை மங்கச் செய்கிறது. பிறகு சார்ஜை நிறுத்துகிறது. இறுதியாகத் தானே அணைகிறது. திரை மங்குவதே முதல் எச்சரிக்கையாகும்.

மூன்று வெப்பங்களில் இரண்டை நீக்கினாலே பெரும்பாலும் பயணம் தடையின்றி நடக்கும். கைப்பேசியைக் கண்ணாடியடியிலிருந்து எடுத்து, ஏ.சி. காற்று வரும் துளையின் முன் பொருத்துங்கள். வீட்டிலேயே முழுமையாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, வழியில் தேவையானால் மட்டும் சிறிது நேரம் ஏற்றுங்கள். கம்பியில்லாச் சார்ஜர் மேலும் சூடாக்கும், அதனைத் தவிருங்கள். செல்லும் பகுதியின் நிலப்படத்தை முன்னரே பதிவிறக்கிக்கொண்டால் இணையத்தை நாடும் உழைப்பும் குறையும். நேர்ச்சாலையில் திரையை அணைத்துவிட்டுக் குரல்வழியை மட்டும் கேட்கலாம்.

அணைந்தே போய்விட்டால் சார்ஜரையும் உறையையும் கழற்றி, நிழலில் காற்றோட்டமாக வைத்துக் காத்திருங்கள். பனிக்கட்டியின் மீதோ குளிர்சாதனப் பெட்டியிலோ வைக்க வேண்டாம். திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே நீர் கோத்துக் கருவி உண்மையாகவே பழுதாகும்.

ஆறிய பின்னும் நிழலில், சாதாரண உபயோகத்திலேயே மீண்டும் மீண்டும் அணைந்தால் கோளாறு வெயிலினுடையதன்று. திரையோ பின்மூடியோ மேலெழும்பியிருந்தால் பாட்டரி உப்பியிருக்கிறதென்று பொருள். அதற்குச் சார்ஜ் ஏற்றாமலும், அதனை அழுத்தாமலும் பழுதுபார்ப்பவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள்.