பச்சைக் கட்டங்கள் வேலை வாங்கித் தருமா?

ஐ.டி. நிறுவனத்தில் ஐந்தாண்டு வேலை பார்த்தவரிடம்கூட, வெளியே காட்ட ஒரு வரி கோட் இருக்காது. எழுதியதெல்லாம் நிறுவனத்தின் சொத்து. அதனால்தான் வேலை மாற நினைப்பவர்கள் ரெஸ்யூமில் தங்கள் கிட்ஹப் பக்கத்தின் முகவரியைச் சேர்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் எதைக் காட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

முதலில் கண்ணில் படுவது, எந்தெந்த நாளில் வேலை செய்தார் என்று காட்டும் பச்சைக் கட்டங்கள். அனுபவமுள்ள நேர்காணல் செய்பவர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. `git commit --date` என்று கொடுத்தால், இன்று எழுதியதைச் சென்ற ஆண்டுத் தேதியில் பதிந்துவிடலாம். எண்ணிக்கையும் அப்படித்தான். 2020 அக்டோபரில் நடந்த ஹேக்டோபர்ஃபெஸ்டில் இலவச டி-ஷர்ட்டுக்காகப் பலர் உப்புச்சப்பில்லாத திருத்தங்களை அனுப்பிக் குவித்தார்கள். விரும்பிப் பதிவு செய்யும் திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று அமைப்பாளர்கள் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அப்படியானால் எது சான்று? முன்பின் தெரியாத ஒருவர் படித்துப் பார்த்து, கேள்வி கேட்டு, ஏற்றுக்கொண்ட ஒரு திருத்தம்.

ஓர் உதாரணம். ஒரு திறமூல மென்பொருள் தரும் சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் குப்பை எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்பின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய அடையாளக் குறி இல்லாததால், அது யூனிகோட் என்று எக்செலுக்குப் புரியவில்லை. பைத்தானில் `utf-8` என்பதை `utf-8-sig` என்று மாற்றினால் சரியாகிவிடும். ஒரு சொல் திருத்தம்தான். ஆனால் திட்டப் பொறுப்பாளர் கேட்கிறார்: “இந்தக் கோப்பைப் படிக்கும் மற்ற நிரல்கள் அந்தக் குறியால் குழம்பாதா?” திருத்தியவர் யோசித்து, பழைய முறையை அப்படியே விட்டுவிட்டு, புதியதை வேண்டுவோர் மட்டும் தேர்ந்துகொள்ளும்படி அமைக்கிறார். அதற்குச் சோதனையும் எழுதுகிறார்.

அந்த உரையாடல் முழுவதும் இணையத்தில் இருக்கிறது. பிறர் எழுதிய கோடைப் படிக்கும் திறன், ஆட்சேபத்தை எதிர்கொள்ளும் பக்குவம் இரண்டும் அதில் தெரியும். தனியாக உருவாக்கிய செயலியில் இவை தெரிவது அரிது.

எனவே ரெஸ்யூமில் “திறமூலப் பங்களிப்பு உண்டு” என்று பொதுவாக எழுதுவதில் பயனில்லை. என்ன கோளாறு, எப்படித் தீர்த்தீர்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று மூன்று வரி எழுதி, அந்தத் திருத்தத்துக்கே நேரடி இணைப்பு கொடுங்கள். கிட்ஹப் தேடலில் `is:pr is:merged author:` என்று தட்டி, இடைவெளி விடாமல் உங்கள் பயனர் பெயரைச் சேர்த்தால், ஏற்கப்பட்ட திருத்தங்கள் வரிசையாக வந்துவிடும்.

இணைப்பை அனுப்புமுன் இரண்டைச் சரிபாருங்கள். வெளி வேலைகளுக்கு உங்கள் பணி ஒப்பந்தம் அனுமதிக்கிறதா? கோடில் கடவுச்சொல் ஏதும் சிக்கியிருக்கிறதா? அழித்தாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும்; கடவுச்சொல்லையே மாற்றுவதுதான் வழி.

பத்து அரைகுறைத் திட்டங்களைவிட, விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒரு திருத்தம் மேல்.